டேலி ஆகிறது, விடை மட்டும் வேறு: ஃபிஃபோவும் எடையிட்ட சராசரியும்

கேள்வி: ஐயா, நான் தேவகோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் சிமெண்ட் இருப்பை வைத்து வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். மே 1 கையிருப்பு 40 மூட்டை, மூட்டை 350 ரூபாய். 5ஆம் தேதி 60 மூட்டை 370 ரூபாய்க்குக் கொள்முதல். 8ஆம் தேதி பட்டறைக்கு வழங்கியது 70. 12ஆம் தேதி 60 மூட்டை 380 ரூபாய்க்குக் கொள்முதல், லாரி வாடகையும் இறக்குகூலியும் தனியாக 720 ரூபாய். 18ஆம் தேதி வழங்கியது 50. 22ஆம் தேதி, 8ஆம் தேதி கொடுத்ததில் 10 மூட்டை பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. 27ஆம் தேதி வழங்கியது 30. மாதக் கடைசி இருப்பு 20 மூட்டை. முதலில் வந்த சரக்கின் விலையை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோவில் எனக்கு 7,620 ரூபாய், இருப்பின் மொத்த மதிப்பை மூட்டை எண்ணிக்கையால் வகுத்து விலை போடும் எடையிட்ட சராசரியில் 7,640 ரூபாய் வருகிறது. ஆசிரியர் விடை 7,840, 7,560. என் கணக்கு இரண்டும் டேலி ஆகிறது. பிறகு எங்கே தப்பு? தேர்வில் நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

உங்கள் இரண்டு விடைகளும் ஒரே வரியில்தான் வழி மாறுகின்றன. அது 22ஆம் தேதி வரி. அதுவரை நீங்கள் போட்டது எல்லாம் சரி. நீங்கள் பேரேட்டை அனுப்பாவிட்டாலும் விடைகளே அதைச் சொல்லிவிடுகின்றன. 7,640ஐ 20ஆல் வகுத்தால் 382. அது 18ஆம் தேதி நிலவிய சராசரி விலை. 7,620ஐப் பிரித்தால் 392 விலையில் 10 மூட்டை, 370 விலையில் 10 மூட்டை. லாரி வாடகையை மூட்டை விலையில் சேர்த்து 392 ஆக்கியிருக்கிறீர்கள் என்பதும் இதிலேயே தெரிகிறது. பலர் தடுக்கி விழும் அந்த இடத்தை நீங்கள் சரியாகத் தாண்டியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சராசரி விடை பிழை. உங்கள் ஃபிஃபோ விடையோ பிழை என்பதைவிட, வேறொரு வழக்கத்தைப் பின்பற்றியது என்பதே சரி. அந்த வழக்கத்தை விடைத்தாளில் எழுதாமல் விட்டதுதான் குறை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஆசிரியரின் விடை எப்படி வருகிறது என்பதை இருப்புப் பத்தியை மட்டும் வைத்துப் பாருங்கள்.

| தேதி | நடந்தது | ஃபிஃபோ இருப்பு | எடையிட்ட சராசரி இருப்பு |
|---|---|---|---|
| மே 5 | வரவு 60 | 40 × 350, 60 × 370 = 36,200 | 100 × 362 = 36,200 |
| மே 8 | வழங்கல் 70 | 30 × 370 = 11,100 | 30 × 362 = 10,860 |
| மே 12 | வரவு 60 | 30 × 370, 60 × 392 = 34,620 | 90 × 382 = 34,380 |
| மே 18 | வழங்கல் 50 | 40 × 392 = 15,680 | 40 × 382 = 15,280 |
| மே 22 | திரும்பியது 10 | 10 × 370, 40 × 392 = 19,380 | 50 × 378 = 18,900 |
| மே 27 | வழங்கல் 30 | 20 × 392 = 7,840 | 20 × 378 = 7,560 |

சராசரியில் நடந்தது இதுதான். திரும்பி வந்த 10 மூட்டையை நீங்கள் 22ஆம் தேதி நிலவிய விலையான 382இல் உள்ளே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அவை கிடங்கை விட்டுப் போனது 8ஆம் தேதி. அன்றைய சராசரி 362. பட்டறையின் கணக்கில் அந்த 10 மூட்டைக்காக ஏற்றப்பட்ட செலவு 3,620 ரூபாய்தான். திருப்பிக் கொடுக்கும்போது 3,820 ரூபாயைக் கழித்தால், பட்டறைக்கு 200 ரூபாய் இல்லாத லாபம் கிடைத்துவிடுகிறது. எந்த விலையில் போனதோ அந்த விலையிலேயே திரும்பி வர வேண்டும். அப்படிச் செய்தால் கிடங்கில் 15,280உம் 3,620உம் சேர்ந்து 18,900, மூட்டை 50, சராசரி 378. இங்கே கவனிக்க வேண்டியது: திரும்பி வந்த சரக்கும் வரவுதான், ஆகவே சராசரி மாறும். கொள்முதல் வந்தால்தான் சராசரி மாறும் என்று மனத்தில் பதிந்துவிட்டதால்தான் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது. எந்த வழங்கலிலிருந்து திரும்பியது என்று கேள்வி சொல்லாவிட்டால், அன்றைய சராசரியில் எடுத்துக்கொண்டு அதைக் குறிப்பாக எழுதலாம். உங்கள் கேள்வியிலோ 8ஆம் தேதி என்று தெளிவாக இருக்கிறது. அந்தத் தேதியைச் சும்மா கொடுக்கவில்லை.

ஃபிஃபோவில் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, திரும்பியவை எந்த விலைக்காரவை? 8ஆம் தேதி போன 70இல் முதல் 40 மூட்டை 350 ரூபாய்ச் சரக்கு, அடுத்த 30 மூட்டை 370 ரூபாய்ச் சரக்கு. பட்டறை முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்தியது என்றால், மிஞ்சியது கடைசியாக எடுத்த 370 ரூபாய் மூட்டைகள். ஆகவே 10 × 370 = 3,700. இதை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது, திரும்பியவை வரிசையில் எங்கே நிற்கும்? நீங்கள் அவற்றை 22ஆம் தேதி வந்த புதுச் சரக்காக எண்ணி வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அதனால் 27ஆம் தேதி வழங்கிய 30உம் 392 விலையில் போய், திரும்பிய 10உம் மாதக் கடைசி வரை உள்ளேயே தங்கிவிட்டது. உங்கள் ஆசிரியர் அவற்றை வரிசையின் முன்னால் நிறுத்தி, அடுத்த வழங்கலிலேயே முதலில் வெளியேற்றிவிட்டார். வழங்கல் 10 × 370, 20 × 392 என்று 11,540 ரூபாய் ஆயிற்று. உங்களுடையது 11,760. அந்த 220 ரூபாய்தான் 7,620க்கும் 7,840க்கும் உள்ள வித்தியாசம். இரண்டு வழக்கமும் புத்தகங்களில் உண்டு. ஆனால் முன்னால் நிறுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். ஒருமுறை வெளியே போய் வந்த பழைய சரக்கு அது. அதைப் புதுச் சரக்குக்குப் பின்னால் நிறுத்தினால், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற அடிப்படையே பிசகுகிறது. சிமெண்டைப் பொறுத்தவரை நடைமுறையும் இதுவே. பழைய மூட்டை ஈரம் வாங்கிக் கட்டி தட்டிப்போகும், அதை முதலில் தீர்க்கத்தான் எந்தக் கிடங்குக்காரரும் பார்ப்பார். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஃபிஃபோ என்பது விலை போடும் வரிசை. கிடங்கில் ஆள் கையை நீட்டி எந்த மூட்டையைத் தூக்கினாலும், பேரேட்டில் போகும் விலை பழைய விலைதான்.

இப்போது டேலி விஷயத்துக்கு வருவோம். உங்கள் மனக்குறை முழுக்க இங்கேதான் இருக்கிறது. கணக்கை நேராக்கிப் பாருங்கள். தொடக்க இருப்பு 14,000, முதல் கொள்முதல் 22,200, இரண்டாவது 23,520. மொத்தம் 59,720. உங்கள் ஃபிஃபோவில் நிகர வழங்கல் 52,100, இருப்பு 7,620, கூட்டினால் 59,720. உங்கள் சராசரியில் நிகர வழங்கல் 52,080, இருப்பு 7,640, அதுவும் 59,720. ஆசிரியருடையது ஃபிஃபோவில் 51,880உம் 7,840உம், சராசரியில் 52,160உம் 7,560உம். நான்குமே 59,720. நான்கு வெவ்வேறு விடைகள், நான்கும் டேலி.

காரணம் எளிது. இருப்பை எப்படி எழுதுகிறீர்கள்? முந்தைய இருப்பிலிருந்து வழங்கலைக் கழித்து எழுதுகிறீர்கள். வழங்கலில் 200 ரூபாய் குறைத்துப் போட்டால் இருப்பில் அதே 200 தானாகக் கூடிவிடும். கழித்து வந்த தொகையை மறுபடி கூட்டிப் பார்த்தால் பழைய மொத்தம் வராமல் வேறென்ன வரும்? டேலி சொல்வது, பணம் எங்கும் தொலையவில்லை என்பதை மட்டுமே. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பதை அது சொல்லாது. பெட்டியில் உள்ள பணத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் தனியாக எண்ணி, பிறகு புத்தகத்தோடு ஒப்பிடுவதுதான் சோதனை. புத்தகத்திலிருந்து கழித்து எழுதிய தொகையைப் பெட்டியில் இருப்பதாக எழுதிக்கொண்டால் அது சோதனை ஆகாது. சரக்கிருப்புக் கணக்கிலும் இருப்பின் மதிப்பை, வழங்கலைத் தொடாத வேறொரு வழியில் கண்டுபிடித்து ஒப்பிட வேண்டும்.

ஃபிஃபோவுக்கு அந்த வழி பின்னாலிருந்து எண்ணுவது. பழையது முதலில் போய்விடுகிறது என்றால், கடைசியில் மிஞ்சுவது கடைசியாக வாங்கியதுதான். பேரேட்டை மூடி வைத்துவிட்டு கொள்முதல்களை மட்டும் கீழிருந்து மேலே பாருங்கள். இருப்பு 20 மூட்டை. கடைசிக் கொள்முதல் 60 மூட்டை, அடக்க விலை 392. 20உம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே 20 × 392 = 7,840. அரை நிமிடம்கூட ஆகவில்லை. இருப்பு 20க்குப் பதில் 75 என்றால், 60 மூட்டையை 392 விலையிலும் மீதி 15ஐ அதற்கு முந்திய கொள்முதலான 370 விலையிலும் போட வேண்டும். இந்த எண் பேரேட்டு இருப்போடு ஒத்துப்போகவில்லை என்றால், ஏதோ ஒரு வழங்கலில் விலை மாறிப் போயிருக்கிறது, அல்லது திரும்பிய சரக்கைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் கணக்கில் இரண்டாவது நடந்தது. திரும்பிய சரக்கை வேண்டுமென்றே புது வரவாக எடுத்துக்கொண்டவர், பின்னாலிருந்து எண்ணும்போது அந்த 10ஐயும் கடைசி வரவாகச் சேர்த்து எண்ண வேண்டும். அப்போது 10 × 370, 10 × 392 என்று 7,620 வந்து சரியாகப் பொருந்தும்.

இடையில் எங்கே தவறியது என்று தேட இன்னொரு சின்ன உத்தி இருக்கிறது. ஃபிஃபோவில் இருப்பில் நிற்கும் ஒவ்வொரு விலையும் உண்மையிலேயே ஏதாவது ஒரு நாள் வாங்கிய விலையாக இருக்க வேண்டும். 8ஆம் தேதி 70 மூட்டையையும் 350 விலையிலேயே போட்டுவிடுவது முதன்முறை செய்பவர்களிடம் மிகச் சாதாரணம். பழைய சரக்கு 40தான் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், முதல் விலை இதுதான் என்று கைபோன போக்கில் பெருக்கிவிடுவார்கள். 24,500 வழங்கல், 36,200இலிருந்து கழித்தால் 11,700 இருப்பு. டேலி அழகாக ஆகும். ஆனால் 11,700ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள், 390. மே 8ஆம் தேதி வரை யாரும் 390 ரூபாய்க்கு ஒரு மூட்டையும் வாங்கவில்லை. வாங்காத விலை இருப்பில் தலைகாட்டினால் அதற்கு மேலே உள்ள வரியில்தான் பிழை. இதைத் தவிர்க்க, ஃபிஃபோ இருப்பை ஒரே தொகையாக எழுதாதீர்கள். மேலே அட்டவணையில் இருப்பதுபோல, எந்த விலையில் எத்தனை என்று அடுக்கடுக்காக எழுதுங்கள். வழங்கும்போது மேல் அடுக்கு தீரும்வரை எடுத்து, பிறகு அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

எடையிட்ட சராசரிக்குப் பின்னாலிருந்து எண்ணும் வழி கிடையாது. அங்கே ஒவ்வொரு வரவின்போதும் விலைகள் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு வரியிலும் சோதிக்க வேண்டும். மூன்றைப் பார்த்தால் போதும்.

முதலாவது, வழங்கல் நடந்த வரியில் விலை மாறவே கூடாது. 8ஆம் தேதி வழங்கலுக்கு முன் 362, வழங்கிய பின்னும் இருப்பு மதிப்பை அளவால் வகுத்தால் 362 வர வேண்டும். மாறியிருந்தால் வழங்கிய விலை தவறு. எடைபோடாத வெறும் சராசரியை இது உடனே காட்டிக்கொடுக்கும். 350ஐயும் 370ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 360 என்று போட்டவரைப் பாருங்கள். 70 × 360 = 25,200 வழங்கல், மீதி 11,000. அதை 30ஆல் வகுத்தால் 366 ரூபாய் 67 காசு. 360 விலையில் வழங்கியவருக்கு மிஞ்சியது எப்படி 366 ஆகும்? 360க்கும் சரியான 362க்கும் இடையே இரண்டே ரூபாய்தான் வித்தியாசம், கண்ணுக்கு உறுத்தவே உறுத்தாது. வகுத்துப் பார்த்தால்தான் வெளியே வரும்.

இரண்டாவது, வரவு நடந்த வரியில் புதிய சராசரி பழைய இருப்பு விலைக்கும் புதிதாக வந்த விலைக்கும் நடுவில் விழ வேண்டும். எந்தப் பக்கம் அளவு அதிகமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். 12ஆம் தேதி பழையது 30 மூட்டை 362 விலையில், புதியது 60 மூட்டை 392 விலையில். இடைவெளி 30 ரூபாய். புதியது பழையதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 20 ரூபாய், மேலே ஏற வேண்டும். 362உடன் 20, 382. பெருக்கல் எதுவும் இல்லாமல் விடை கையில் வந்துவிட்டது. 22ஆம் தேதிக்கும் இதையே செய்யுங்கள். 382 விலையில் 40, உள்ளே வருவது 362 விலையில் 10. இடைவெளி 20 ரூபாய், புதியது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 4 ரூபாய் இறங்க வேண்டும், 378. இப்படிப் பார்க்கப் பழகியவருக்கு, 22ஆம் தேதிக்குப் பிறகும் சராசரி 382லேயே நிற்பது உடனே உறுத்தும்.

முழு எண்ணாக விடை வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. உங்கள் கணக்கிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. லாரி வாடகை 720ஐ மறந்துவிட்டு, 60 மூட்டையை 380 விலையில் போட்டுப் பாருங்கள். 10,860உடன் 22,800 சேர்ந்து 33,660, 90ஆல் வகுத்தால் 374. ஒரு காசு மிச்சமில்லை! ஆனால் தவறு. டேலியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் தொடக்கத்திலேயே மொத்தம் 59,720க்குப் பதில் 59,000 ஆகிவிட்டது. இதைப் பிடிக்க ஒரே வழி, பேரேட்டைத் தொடங்கும் முன் ஒவ்வொரு கொள்முதலின் அடக்கத்தையும் ஓரத்தில் தனியாகப் போட்டுவிடுவது. சரக்கைக் கிடங்கு வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் வாடகை, இறக்குகூலி சேரும். வியாபாரத் தள்ளுபடி கழியும். ரொக்கத் தள்ளுபடியை அடக்க விலைக் கணக்கில் பொதுவாகக் கழிப்பதில்லை. ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும் என்றால் அது விலையில் சேராது, கிடைக்காது என்று கேள்வி சொன்னால் சேரும். கேள்வியில் ஏதாவது ஒரு தொகை உபயோகப்படாமல் மிஞ்சி நின்றால், அது ஏன் மிஞ்சியது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை, காசுப் பின்னம் வரும்போது. 12ஆம் தேதி 60க்குப் பதில் அதே 392 அடக்க விலையில் 61 மூட்டை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 34,772ஐ 91ஆல் வகுத்தால் 382.1099 என்று நீளும். இரண்டு தசமத்தில் நிறுத்தினால் 382.11. 50 மூட்டை வழங்கல் 19,105.50, கழித்தால் இருப்பு 15,666.50. பெருக்கிப் பார்த்தால் 41 × 382.11 = 15,666.51. ஒரு காசு இடிக்கிறது. இது பிழை இல்லை, தசமத்தை வெட்டியதன் மிச்சம். இருப்பைக் கழித்து வந்த தொகையாகவே எழுதுங்கள், ஒரு காசை ஒட்டவைக்கப் பார்க்க வேண்டாம். ஆனால் எவ்வளவு இடிக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. இரண்டு தசமத்தில் விலை அதிகபட்சம் அரைக் காசுதான் பிசகும். ஆகவே 91 மூட்டைக்கு அதிகபட்சம் 45 காசு. அதற்கு மேல் இடித்தால் தசமத்தின்மேல் பழி போடாதீர்கள், எங்கோ கணக்குப் பிழை. 382 என்று முழு ரூபாய்க்கு வெட்டிவிட்டால், 19,100 வழங்கல் போக 15,672 மிஞ்சி, 41ஆல் வகுத்தால் 382.24 ஆகிவிடும். வழங்கலில் விலை மாறக் கூடாது என்ற முதல் சோதனையே அப்போது தோற்றுப்போகும்.

சராசரியில் இன்னொரு குழப்பத்தையும் பார்க்கிறேன். மாதத்தின் மொத்தம் 59,720ஐ மொத்த மூட்டை 160ஆல் வகுத்து 373.25 என்று ஒரே விலை போட்டு, 20 மூட்டைக்கு 7,465 என்று முடித்துவிடுவார்கள். அது மாதக் கடைசியில் ஒரே தடவை சராசரி எடுக்கும் முறை, தன்னளவில் ஏற்கத்தக்கதே. ஆனால் தேதிவாரியாகப் பேரேடு போடச் சொன்னால் பொருந்தாது. 8ஆம் தேதி வழங்கும்போது 12ஆம் தேதி விலை யாருக்குத் தெரியும்? ஃபிஃபோவில் இந்தச் சிக்கல் இல்லை. தேதிவாரியாகப் போட்டாலும் கடைசியில் ஒரே தடவை போட்டாலும் அதே 7,840தான் வரும். பின்னாலிருந்து எண்ணும் சோதனை ஃபிஃபோவுக்குப் பலிப்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டு முறையிலும் ஒரே கணக்கைக் கேட்டால், விடைகளை ஒன்றோடொன்று வைத்தும் பார்க்கலாம். உங்கள் கணக்கில் விலை 350, 370, 392 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஏறும் சந்தையில் ஃபிஃபோ இருப்பில் புது விலைகள் நிற்கும், சராசரியிலோ பழைய விலையின் சாயல் ஒட்டியிருக்கும். ஆகவே ஃபிஃபோ இருப்பு சராசரி இருப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஆசிரியர் விடையில் 280 ரூபாய் அதிகம். வழங்கலில் அதே 280 தலைகீழாக நிற்கிறது: சராசரியில் 52,160, ஃபிஃபோவில் 51,880. உங்கள் விடைகளில் சராசரி 7,640, ஃபிஃபோ 7,620. தலைகீழ். பேரேட்டில் ஒரு வரிகூடப் பார்க்காமல் இங்கேயே நின்று தேடத் தொடங்கியிருக்கலாம். விலை ஏறி இறங்கி ஆடும் கணக்கில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அங்கே எது பெரிது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தேர்வில் நேரம் குறைவு என்பதால் வரிசையைச் சொல்கிறேன். கொள்முதல் அடக்கத்தை ஓரத்தில் போட்டுவிட்டு, முதலில் அளவை மட்டும் முடியுங்கள்: 40, 60, 60 சேர்ந்து 160, வழங்கல் 150இல் திரும்பிய 10 போக 140, மீதி 20. அளவு பிசகினால் ரூபாயைத் தொடாதீர்கள். பிறகு ஃபிஃபோவை முடித்துப் பின்னாலிருந்து எண்ணுங்கள். சராசரியில் ஒவ்வொரு வழங்கலுக்குப் பின்னும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். டேலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அது கூட்டல் கழித்தல் பிழையை மட்டும் பிடிக்கட்டும்.

விடைக்குக் கீழே இந்தக் குறிப்பை எழுதுங்கள்: "22ஆம் தேதி திரும்பிய 10 மூட்டைகள், 8ஆம் தேதி வழங்கிய விலையிலேயே வரவு வைக்கப்பட்டுள்ளன. ஃபிஃபோவில் அவை கடைசியாக வழங்கிய 370 ரூபாய்ச் சரக்கைச் சேர்ந்தவை எனக் கொண்டு, அடுத்த வழங்கலில் முதலில் வெளியேற்றப்பட்டுள்ளன." நீங்கள் வரிசையின் கடைசியில் நிறுத்துவதானால் கடைசி வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். குறிப்போடு வரும் 7,620க்கும் குறிப்பில்லாமல் வரும் 7,620க்கும் திருத்துபவர் போடும் மதிப்பெண் ஒன்றாக இருக்காது.